உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக் கட்டணத்தை முதலாளியிடம் கேட்டு எழுதுவது எப்படி: கிச்சன் சூப்பர்வைசருக்கான முழுமையான வழிகாட்டி

பயிற்சிக் கட்டணம் கேட்டு வரும் கடிதங்களில் பாதி, உணவுப் பாதுகாப்பு எவ்வளவு அவசியம் என்று முக்கால் பக்கம் விளக்கிவிட்டு, கடைசி வரியில் கூச்சத்தோடு தொகையைச் சொல்கிறவை. உணவகம் நடத்துகிறவருக்குச் சுத்தம் அவசியம் என்பது தெரியாதா என்ன? அவர் தேடுவது வேறு. எவ்வளவு பணம், எந்தத் தேதி, நீ போகிற நாளில் கிச்சனை யார் பார்ப்பது, திரும்பி வந்து என்ன மாறும். இந்த நான்குக்கும் பதில் இருக்கிற கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் இரண்டு வாரம் முன்வேலை தேவைப்படுகிறது.

விளக்கத்துக்காக ஒரு கிச்சனை எடுத்துக்கொள்வோம். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் அசைவ உணவகம். மதியம் சாப்பாடும் பிரியாணியும், ராத்திரி பரோட்டா, கறி தோசை. முகூர்த்த நாட்களில் மண்டப ஆர்டரும் எடுப்பார்கள். மாஸ்டர்கள், உதவியாளர்கள், சப்ளையர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாம் சேர்த்து உணவைக் கையாளுகிறவர்கள் 24 பேர். சூப்பர்வைசர் போக விரும்புவது மூன்று நாள் பயிற்சி. ஹெச்ஏசிசிபி முறையில் ஆபத்து எங்கே நுழைகிறது என்று கண்டறிந்து, அந்த இடத்தில் வெப்பத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்தி, பதிவு வைப்பது எப்படி என்று கற்றுத்தரும் மேற்பார்வையாளர் நிலைப் பயிற்சி. கட்டணம் 12,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 14,160. இந்தத் தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை. உங்கள் கடிதத்தில் பயிற்சி நிறுவனம் எழுத்தில் கொடுத்த மதிப்பீட்டில் உள்ளதைத்தான் போட வேண்டும்.

முதல் வேலை: எந்தப் பயிற்சி என்று தெளிவாகுங்கள்

கேட்பதற்கு முன் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தைப் பாருங்கள். 14 இலக்க எண் இருக்கும். அது பதிவுச் சான்றா, உரிமமா என்று கவனியுங்கள். உரிமம் பெற்ற இடமாக இருந்தால், அந்த வளாகத்தில் உணவைக் கையாளுகிற 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிறது. அதற்காகவே ஃபோஸ்டாக் என்ற பயிற்சித் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. உணவகங்களுக்கு கேட்டரிங் பிரிவில் அடிப்படை நிலையும் மேல்நிலையும் உண்டு. மேல்நிலை ஒரே நாளில் முடிந்துவிடும். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

உங்களிடம் அந்தச் சான்றிதழே இல்லை என்றாலோ காலாவதி ஆகிவிட்டது என்றாலோ, முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அதற்கு நீண்ட கடிதம் வேண்டாம். சட்டம் கேட்கிறது, தொகை குறைவு, ஒரு நாள் வேலை. நாலு வரியில் எழுதிக் கொடுத்தால் போதும்.

நாம் எடுத்துக்கொண்ட சூப்பர்வைசரிடம் ஃபோஸ்டாக் சான்றிதழ் நடப்பில் இருக்கிறது. ஆள் கணக்கும் 24 தான், எனவே ஒருவர் போதும். அவர் கேட்பது அதற்கு மேலே உள்ள பயிற்சி. இங்கேதான் ஒரு நேர்மை தேவைப்படுகிறது. மூன்று நாள் பயிற்சி சட்டப்படி கட்டாயம் என்று எழுதக் கூடாது. முதலாளி தன் ஆடிட்டரிடமோ தெரிந்த உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ ஒரு போன் போட்டால் உண்மை தெரிந்துவிடும். அப்புறம் கடிதத்தில் மீதி இருக்கிற நல்ல கணக்கையும் அவர் நம்ப மாட்டார். தனியார் ஹெச்ஏசிசிபி சான்றிதழ் ஃபோஸ்டாக்குக்கு மாற்றாகாது என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டும் வேறு வேறு.

பயிற்சி நிறுவனத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வகுப்பே இல்லாமல் பணம் கட்டினால் மறுநாள் சான்றிதழ் என்கிற இடங்கள் உண்டு. பாடத்திட்டம், வகுப்பு நடக்கும் நேரம், நடத்துகிறவரின் தகுதி, தேர்வு உண்டா, தோற்றால் மறுதேர்வுக்குத் தனிக் கட்டணமா என்ற விவரங்களை எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கிற இடத்துக்கு முதலாளியின் பணத்தை ஏன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? ஃபோஸ்டாக் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் பயிற்சிப் பங்குதாரர் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

இரண்டாவது: பதினாலு நாள் குப்பை நோட்டு

கடிதத்தின் உயிர் இந்த நோட்டில்தான் இருக்கிறது. பயிற்சியால் வரும் லாபம் என்று எல்லோரும் எழுதுவது, 'தரம் உயரும், வாடிக்கையாளர் நம்பிக்கை பெருகும்' என்பதுதான். படித்ததும் மறந்துவிடும் வரி அது. உங்கள் கிச்சனில் ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு குப்பைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று எழுதினால், அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, பொருள், அளவு, காரணம், மதிப்பு என்று ஐந்து கட்டம். காரணத்தை நாலு வகைக்குள் அடக்குங்கள். அதிகமாகச் சமைத்து மீந்தது, வைத்திருந்ததில் கெட்டது, அடிப்பிடித்தோ கைதவறியோ போனது, வாங்கும்போதே மோசமாக வந்தது. மதிப்பு போடும்போது விற்பனை விலை போடாதீர்கள். அடக்க விலைதான் போட வேண்டும். பன்னிரண்டு லிட்டர் சால்னா கொட்டினால், லிட்டருக்கு 45 ரூபாய் அடக்கம் என்று 540 ரூபாய். ஹோட்டல் விலையில் போட்டு ஊதிக் காட்டினால், ஒரு மூட்டை வெங்காயம் என்ன விலை என்று தினமும் பார்க்கிற முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும்.

பதினாலு நாள் ஏன் என்றால், இரண்டு ஞாயிறும் இரண்டு வெள்ளியும் அதற்குள் வந்துவிடும். அசைவக் கடையில் ஞாயிறு ஒரு கணக்கு, வெள்ளி வேறு கணக்கு. ஒரு வாரம் மட்டும் எடுத்தால் நடுவில் ஒரு அமாவாசையோ சஷ்டியோ வந்து எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

நம் உதாரணக் கிச்சனில் பதினாலு நாளில் 9,800 ரூபாய்ப் பொருள் குப்பைக்குப் போனது என்று வைப்போம். மீந்தது 4,900. கெட்டது 3,150. அடிப்பிடித்ததும் கைதவறியதும் 1,050. வரவிலேயே மோசம் 700.

இந்த இடத்தில் பலர் 9,800ஐயும் தூக்கிக் கடிதத்தில் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். மீந்தது என்பது எத்தனை பேர் வருவார்கள் என்று கணிப்பதில் வரும் நட்டம். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அதைக் குறைக்காது. பயிற்சி தொடக்கூடியது 'கெட்டது' என்ற 3,150 மட்டும்தான். அதிலும் முழுவதும் மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. மின்தடையால் கெட்டது, பிரிட்ஜ் கதவின் ரப்பர் போனதால் கெட்டது எல்லாம் அதற்குள் இருக்கும். பாதி என்று கணக்கு வையுங்கள். பதினாலு நாளைக்கு 1,575. முப்பது நாளைக்கு 3,375 ரூபாய்.

செலவுப் பக்கம் 14,160 மட்டும் இல்லை. மூன்று நாளும் உங்கள் இடத்தில் சரக்கு மாஸ்டர் இரட்டை ஷிப்ட் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு 900 ரூபாய் கூடுதல் என்றால் 2,700. மொத்தம் 16,860. இதை மாதம் 3,375 ஆல் வகுத்தால் ஐந்து மாதம் வருகிறது. ஐந்து மாதத்தில் போட்ட பணம் திரும்புகிறது என்பதுதான் கடிதத்தில் வரப்போகும் ஒரே பெரிய கணக்கு.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 5 சதவீத ஜிஎஸ்டியில் நடக்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. ஆகவே பயிற்சிக்குக் கட்டும் 2,160 ரூபாய் வரி திரும்ப வராது, அதுவும் செலவுதான். 12,000 என்று எழுதிவிட்டுப் பிறகு பில் 14,160க்கு வந்தால், முதல் நாளே கோணலாகிவிடும்.

மூன்றாவது: பயிற்சிக்கும் அந்த 3,150க்கும் என்ன தொடர்பு என்று உங்களுக்கே தெரிய வேண்டும்

முதலாளி கேட்பார். 'சால்னா கெட்டுப் போறதுக்கும் நீ மூணு நாள் கிளாஸுக்குப் போறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?' பதில் தெரியாமல் நின்றால் கடிதம் கல்லா டிராயருக்குள் போய்விடும்.

சம்பந்தம் அண்டாவில் இருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டாக் கல்லை அணைக்கும்போது முப்பது லிட்டர் சால்னா அடுப்பை விட்டு இறங்குகிறது. அண்டாவின் விளிம்பைத் தொட்டால் ஒரு மணி நேரத்தில் ஆறியது போலத் தெரியும். மேலே எண்ணெய் ஏடு கட்டியிருக்கும். நடுவில் கரண்டியை விட்டுப் பார்த்தால் இன்னும் சுடும். அந்த ஏடு மூடி போல நின்று உள்வெப்பத்தை வெளியே விடாது. சித்திரை, வைகாசியில் மூடிய கிச்சனின் வெக்கையில் விடியும் வரை அது வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

கறிக் குழம்புகளில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாண்டிப் பிழைக்கும். குழம்பு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் அதற்கு மிகத் தோதான வெப்பம். சோற்றில் இதே வேலையைச் செய்வது பேசில்லஸ் சீரியஸ். அது விடும் வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. காலையில் அண்டா ஓரத்தில் நுரை கட்டிப் புளித்த வாடை வந்தால் மாஸ்டர் கொட்டிவிடுகிறார், அது நோட்டில் 1,350 ரூபாய். வாடையே வராமல் கெட்டிருப்பதுதான் பெரிய ஆபத்து. மேலே சொன்ன கிருமிகள் பெருகியிருப்பதை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

செய்ய வேண்டியது எளியது. சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். இதற்கு அண்டாவை அப்படியே பிரிட்ஜுக்குள் தள்ளினால் நடக்காது. உள்ளே இருக்கும் தயிரும் கறியும் சேர்ந்து சூடாகும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பிரித்து ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்து, கிளறிவிட்டு, குத்தும் தெர்மாமீட்டரால் அளந்து எழுதி, அப்புறம் பிரிட்ஜுக்குள் ஏற்ற வேண்டும். மறுநாள் எடுத்தால் நடுப்பகுதி 75 டிகிரி தொடும் வரை சூடாக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். ஒரு உணவுக்கு இதைச் சொல்லிவிடலாம். நாற்பது வகை உணவு போகிற கிச்சனில் எந்த எட்டு இடத்தில் அளக்க வேண்டும், எங்கே அளக்கத் தேவையே இல்லை, எல்லை தாண்டினால் கொட்டுவதா மறுபடி சூடாக்குவதா என்று திட்டம் போடத்தான் பயிற்சி. அளக்க வேண்டாத இடத்திலும் அளக்கச் சொன்னால், ஒரு வாரத்தில் பையன்கள் அளக்காமலே 62, 63 என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். எல்லா நாளும் ஒரே எண் இருக்கிற பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படிப் பிறந்ததுதான்.

நான்காவது: தேதியும் நேரமும்

மதுரையில் பயிற்சிக்கு ஏற்ற மாதம் ஆடி. முகூர்த்தம் கிடையாது, மண்டப ஆர்டர் இருக்காது. மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஐயப்ப பக்தர்களின் பஸ்கள் அப்போதுதான் ஊருக்குள் வரிசை கட்டும். உங்கள் கடையில் சைவப் பிரிவும் இருந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழா வாரத்தில் லீவு கேட்கிற சூப்பர்வைசர் பயிற்சி முடித்து வந்து வேறு வேலைதான் தேட வேண்டும். வாரத்துக்குள் செவ்வாய் முதல் வியாழன் வரை இருந்தால் ஞாயிறு தப்பிவிடும்.

கடிதத்தைப் பயிற்சிக்கு ஐந்தாறு வாரம் முன்பே கொடுங்கள். சம்பளம் பட்டுவாடா ஆகிற முதல் வாரத்தில் வேண்டாம். மதியக் கூட்டம் ஓய்ந்து, கல்லாக் கணக்கு முடித்து, முதலாளி டீ குடிக்கிற நாலு மணி நல்ல நேரம்.

ஐந்தாவது: எழுதுவது

முதல் பத்தியிலேயே தொகையும் தேதியும் வந்துவிட வேண்டும். அடுத்து, மிச்சக் கணக்கு. அடுத்து, திரும்பி வந்து தருவேன் என்று சொல்லும் வேலைகள், அவற்றுக்கான நாள். பிறகு, இல்லாத நாட்களுக்கு மாற்று ஏற்பாடு. கடைசியில், வேலையை விட்டால் என்ன என்பதற்கான உங்கள் சொந்த வாக்கு.

ஒரு விஷயத்தில் கவனம். கடிதம் ஒரு ஆவணம். 'நம் கிச்சனில் பழைய சால்னாவைத்தான் காலையில் ஊற்றுகிறோம்' என்பது போன்ற வரியை எழுத்தில் வைக்காதீர்கள். சுகாதாரக் குறைவான முறையில் உணவு தயாரித்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைச் சுட்டி முதலாளியை மிரட்டுகிற தொனியும் வேண்டாம். குறை இருந்தால் அதை அன்றைக்கே நேரில் சொல்லிச் சரி செய்ய வேண்டும், பயிற்சிக் கடிதத்துக்காகச் சேமித்து வைக்கக் கூடாது. கெட்ட உணவு கண்டுபிடிக்கப்பட்டுக் கொட்டப்பட்டது, அதன் மதிப்பு இவ்வளவு என்று எழுதுவதில் குற்றம் எதுவும் இல்லை. கொட்டியது நல்ல காரியம்தானே.

மாதிரிக் கடிதம் இது:

அனுப்புநர்
(பெயர்)
கிச்சன் சூப்பர்வைசர்
(உணவகத்தின் பெயர்), மாட்டுத்தாவணி கிளை, மதுரை

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்
(உணவகத்தின் பெயர்), மதுரை

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மூன்று நாள் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சிக்கான கட்டணம் ரூ.14,160ஐ நிறுவனம் வழங்கக் கோருதல்

ஜூலை 21, 22, 23 (செவ்வாய் முதல் வியாழன் வரை) மதுரையில் நடைபெறும் மேற்பார்வையாளர் பயிற்சியில் நான் கலந்துகொள்ளவும், அதற்கான கட்டணம் ஜிஎஸ்டி உட்பட ரூ.14,160ஐ நம் நிறுவனம் செலுத்தவும் தங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டக் கடைசி நாள் ஜூலை 5.

என்னிடம் உள்ள ஃபோஸ்டாக் சான்றிதழ் நடப்பில் இருக்கிறது. சட்டம் கேட்பது அதுவே. இந்தப் பயிற்சி கட்டாயம் அன்று. நம் கிச்சனில் வீணாவதைக் குறைக்கவும், வெளி ஆர்டர்களுக்குத் தேவையான பதிவேடுகளை நாமே தயாரிக்கவும் இது உதவும் என்பதால் கேட்கிறேன்.

மே 25 முதல் ஜூன் 7 வரை பதினாலு நாள் வீணான உணவைக் குறித்து வைத்தேன். அடக்க விலையில் மொத்தம் ரூ.9,800. இதில் வைத்திருந்தபோது கெட்டதால் கொட்டியது ரூ.3,150. உணவை ஆற்றி வைக்கும் முறையைச் சரிசெய்தால் இதில் பாதியை மிச்சப்படுத்தலாம் என்று கருதுகிறேன். அது மாதம் ஏறக்குறைய ரூ.3,375. பயிற்சிக் கட்டணமும், நான் இல்லாத மூன்று நாளுக்கான கூடுதல் சம்பளம் ரூ.2,700ம் சேர்ந்து ரூ.16,860 செலவாகும். சுமார் ஐந்து மாதத்தில் இது ஈடாகும். மீதமாகும் சாப்பாட்டின் நட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்கும் பயிற்சிக்கும் தொடர்பில்லை.

பயிற்சி முடிந்து வந்து நான் செய்து தருபவை: ஆகஸ்ட் 10க்குள் சால்னா, மட்டன் பிரியாணி, தயிர் சாதம் ஆகிய மூன்றுக்கும் எழுத்து வடிவக் கட்டுப்பாட்டுத் திட்டம். ஆகஸ்ட் 31க்குள் கிச்சன் பணியாளர் 24 பேருக்கும் ஷிப்ட் வாரியாகத் தமிழில் பயிற்சி. நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் பதினாலு நாள் வீணான கணக்கு எடுத்து, இப்போதைய கணக்கோடு ஒப்பிட்டுத் தங்களிடம் தருவது.

தொழிற்சாலை கேன்டீன், கல்லூரி விடுதி போன்ற ஆர்டர்களுக்கு விலை கொடுக்கும்போது உணவுப் பாதுகாப்புப் பதிவேடுகளைக் கேட்கிறார்கள். மேற்கண்ட திட்டத்தை அப்போது இணைத்துக் கொடுக்க முடியும். இதனால் ஆர்டர் கிடைக்கும் என்று உறுதி சொல்ல இயலாது, எனவே இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் இல்லாத மூன்று நாளும் சரக்கு மாஸ்டர் பொறுப்பைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். சரக்கு வரவும் பிரிட்ஜ் வெப்பப் பதிவும் ஸ்டோர் கீப்பர் பார்ப்பார். மாலை ஆறரைக்கு மேல் நானும் கிச்சனுக்கு வந்துவிடுவேன்.

பயிற்சி முடிந்த ஓராண்டுக்குள் நானாக வேலையிலிருந்து விலகினால், கட்டணத்தில் மீதமுள்ள மாதங்களுக்கு மாதம் ரூ.1,180 வீதம் திருப்பிச் செலுத்துகிறேன். தேர்வில் தேறாவிட்டால் மறுதேர்வுக் கட்டணம் என்னுடையது.

தங்கள் முடிவை ஜூன் 25க்குள் தெரிவித்தால் இடம் பதிவு செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மதுரை
நாள்: ஜூன் 10

இணைப்பு: 1. பயிற்சி நிறுவனத்தின் கட்டண மதிப்பீடும் பாடத்திட்டமும் 2. வீணான உணவுப் பதிவின் நகல் 3. ஃபோஸ்டாக் சான்றிதழ் நகல்

கடிதத்தில் எதைச் சேர்க்கவில்லை என்று இரண்டு இடத்தில் சொல்லியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இரண்டு வரியும்தான் மற்ற எண்களை நம்ப வைக்கின்றன. 1,180 என்பது 14,160ஐப் பன்னிரண்டால் வகுத்தது. ஏழு மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினால் ஐந்து மாதத்துக்கான 5,900 ரூபாய் கட்ட வேண்டும். கட்டணத்தை மட்டும் இதில் வையுங்கள், கூடுதல் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம். அது நிறுவனம் நடத்துகிற செலவு. முதலாளி பக்கத்திலிருந்து இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கேட்டால், தொகைக்குத் தகுந்த காலமா என்று யோசித்துப் பேசுங்கள். 14,000 ரூபாய்க்கு மூன்று வருடம் அதிகம் என்பது என் எண்ணம். எந்தக் காரணம் கொண்டும் அசல் கல்விச் சான்றிதழை அடமானமாகக் கொடுத்துவிட வேண்டாம்.

பெரிய ஹோட்டலாக இருந்து ஹெச்ஆர் மூலம் போக வேண்டும் என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரிசை மாற வேண்டியதில்லை.

ஆறாவது: கொடுத்த பிறகு

வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். அச்செடுத்துக் கையில் கொடுங்கள், நோட்டையும் கூடவே காட்டுங்கள். பெரும்பாலும் வரும் முதல் கேள்வி கணக்கைப் பற்றியதாக இருக்காது.

'ஏப்பா, சர்டிபிகேட்ட வாங்கிட்டு நீ பாட்டுக்குத் துபாய்க்குப் பறந்துட்டேன்னா நான் என்ன செய்றது?'

'அதுக்குத்தான் முதலாளி, கடைசியில எழுதியிருக்கேன். ஒரு வருசத்துக்குள்ள போனா மாசம் ஆயிரத்து நூத்தி எம்பது கட்டிட்டுத்தான் போவேன். அப்படியே போனாலும் எழுதி வச்ச திட்டமும் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் இங்கதான இருக்கும்?'

கோபப்பட வேண்டிய கேள்வி இல்லை அது. வளைகுடா நாடுகளில் இந்த மாதிரிச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, நம் பக்கத்திலிருந்து போனவர்களும் நிறைய. 'எங்க போகப் போறேன் முதலாளி' என்று சமாளிப்பதைவிட எழுதிய வரியைக் காட்டுவது நல்லது.

பாதிப் பணம்தான் தர முடியும் என்று சொல்லலாம். அப்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இப்போது 7,080 ரூபாயை நான் கட்டுகிறேன், நீங்கள் 7,080 கட்டுங்கள், நவம்பரில் எடுக்கும் கணக்கில் கெட்டது பதினாலு நாளைக்கு 1,575க்குக் கீழே இறங்கியிருந்தால் என் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். இதற்கு ஒப்புக்கொண்டால், திருப்பித் தருவதற்கான கெடுவை அந்தக் கடிதத்தின் அடியிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஜூனையும் நவம்பரையும் ஒப்பிடும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பரில் வெயில் தணிந்து மழை பெய்வதால் சும்மாவே கெடுவது குறையும். முதலாளி அதைச் சொன்னால் ஒப்புக்கொண்டு, அடுத்த வைகாசியில் இன்னொரு தடவை எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். வெப்பப் பதிவேட்டில் எத்தனை நாள் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்கியது என்பதையும் சேர்த்துக் காட்டினால், மழையால் வந்த மிச்சம் எது, முறையால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

'இப்ப வேணாம், பார்ப்போம்' என்று வந்தால் மூன்று நாள் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு குத்தும் தெர்மாமீட்டரும் நாலு எவர்சில்வர் தட்டும் மட்டும் கேளுங்கள். சால்னாவை மட்டும் தட்டில் ஆற்றி ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். மார்கழி தாண்டித் தை முகூர்த்தங்களும் ஓய்ந்த பிறகு அந்த நோட்டோடு மறுபடி கேட்கலாம். அப்போது மதிப்பீடு என்று எழுதிய இடத்தில் நடந்த கணக்கு இருக்கும்.

சரி என்று சொல்லிவிட்டால், பில் நிறுவனத்தின் பெயரிலும் அதன் ஜிஎஸ்டி எண்ணிலும் வர வேண்டும் என்று பயிற்சி நிறுவனத்திடம் முன்பே சொல்லுங்கள். உங்கள் பெயரில் பில் வந்தால் கணக்குப்பிள்ளை அதை நிறுவனச் செலவில் எழுதத் தகராறு பண்ணுவார். பணத்தை நிறுவனக் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டச் சொல்வது இன்னும் சுலபம். பயிற்சி முடிந்த வாரத்திலேயே பில், சான்றிதழ் நகல், கடிதத்தில் சொன்ன மூன்று வேலைகளின் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் குறித்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். ஃபோஸ்டாக் சான்றிதழ் எப்போது காலாவதி ஆகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், அடுத்த நாலு வரிக் கடிதத்துக்கு அந்தத் தேதி வேண்டியிருக்கும்.